தடுப்பில்லா அலுவலகத் தளத்துக்கு டாலி விளக்குக் கட்டுப்பாடு: வரைபடத்தில் தொடங்கி சீன் வரை

டாலி என்பது இரண்டு கம்பி வழியாக விளக்குகளுக்கு ஆணை அனுப்பி வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் டிஜிட்டல் முறை. புதிதாக டாலி வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் லேப்டாப்பைத் திறந்து சாஃப்ட்வேரில்தான் தொடங்குகிறார்கள். அட்ரஸ் கொடுத்து முடித்த பிறகுதான் எந்த விளக்கு எந்த விளக்கோடு சேர்ந்து எரிய வேண்டும் என்ற கேள்வி வருகிறது. அப்போது குரூப்பைக் கலைத்துக் கட்ட வேண்டியிருக்கும், சென்சாரை இடம் மாற்றக் கூரையைத் திறக்க வேண்டியிருக்கும். வரிசையைத் திருப்பிப் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. தளத்தின் வரைபடத்தில் பென்சிலால் முடிவு செய்ததைத்தான் பிறகு சாஃப்ட்வேரில் தட்டச்சு செய்கிறோம்.

ஒரே ஒரு தளத்தை எடுத்துக்கொண்டு முழுவதும் போய்ப் பார்ப்போம். நீளம் 24 மீட்டர், அகலம் 10 மீட்டர். நீளப் பக்கம் ஒன்று முழுக்க ஜன்னல். கூரையில் 4 வரிசை, வரிசைக்கு 12 விளக்கு, மொத்தம் 48. ஜன்னலை ஒட்டியது முதல் வரிசை. நான்காவது வரிசைக்கு அடியில் மேசை இல்லை, நடைபாதை. நீளவாட்டில் தளத்தை 6 மீட்டர் அகலமுள்ள நான்கு பகுதியாகப் பிரித்து அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஈ பகுதியின் சுவரில் ஒரு பெரிய திரை இருக்கிறது.

படி 1: எது எதிலிருந்து தனியாக நடந்துகொள்ளும்?

வரைபடத்தை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை மட்டும் கேளுங்கள்: எந்த ஒரு சூழ்நிலையிலாவது இந்த விளக்கும் பக்கத்து விளக்கும் வேறு வேறு அளவில் எரிய வேண்டுமா? வேண்டும் என்றால் இரண்டும் வேறு குரூப். எப்போதும் சேர்ந்தே எரியும் என்றால் ஒரே குரூப்.

நம் தளத்தில் அ பகுதியில் ஆள் இருக்கும்போது ஆ பகுதி காலியாக இருக்கலாம், அதனால் பகுதிகள் பிரிகின்றன. பகல் வெளிச்சம் முதல் வரிசைக்கு நிறைய, இரண்டாவதற்குக் கொஞ்சம், மூன்றாவதற்கு ஏறக்குறைய இல்லை, அதனால் வரிசைகளும் பிரிகின்றன. ஆக முதல் மூன்று வரிசைகளில், ஒவ்வொரு பகுதியிலும் மூன்று மூன்று விளக்காக 12 குரூப். நடைபாதை முழுவதும் ஒன்றாக எரிந்தால் போதும், அது ஒரு குரூப். மொத்தம் 13. டாலியில் ஒரு லைனுக்கு 16 குரூப்தான் உண்டு என்பதால் மூன்று மிச்சம்.

முதல் வரிசைக்கு 0 முதல் 3, இரண்டாவதற்கு 4 முதல் 7, மூன்றாவதற்கு 8 முதல் 11, நடைபாதைக்கு 12 என்று எண் போடுங்கள். அ பகுதி என்றால் 0, 4, 8 என்று மனத்தில் நிற்கும்.

குரூப் தேவைதானா, ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக ஆணை அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். டாலி மெதுவான லைன், நொடிக்கு 1200 பிட்தான் போகும். இடைவெளியையும் சேர்த்தால் ஓர் ஆணைக்குச் சுமார் 25 மில்லி நொடி பிடிக்கும். 48 விளக்குக்கும் ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒரு நொடிக்கு மேல் ஆகும், விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அலைபோல மாறுவது கண்ணுக்குத் தெரியும். குரூப்புக்கு அனுப்பினால் ஒரே ஆணைதான், எல்லாம் ஒரே கணத்தில் மாறும்.

படி 2: ஒரு லைனில் எல்லாம் அடங்குமா?

ஒவ்வொரு விளக்கிலும் அதன் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் ஒன்று இருக்கும். ஒரு டாலி லைனில் 0 முதல் 63 வரை 64 டிரைவருக்கு அட்ரஸ் உண்டு. நம்மிடம் 48 விளக்கு. அவசரகால விளக்குக்கான தனி டிரைவர் நான்கு வைத்தால் அவையும் ஆளுக்கொரு அட்ரஸ் எடுத்துக்கொள்ளும், ஆக 52. டாலியின் புதிய பதிப்பான டாலி-2 வகை சென்சார்களுக்கும் சுவர் பட்டன்களுக்கும் வேறொரு 64 அட்ரஸ் இருப்பதால் அவை இந்தக் கணக்கில் வராது.

அட்ரஸ் கணக்கை எல்லோரும் பார்ப்பார்கள். மின்னோட்டக் கணக்கைத்தான் விட்டுவிடுவார்கள். ஒரு டிரைவர் லைனிலிருந்து அதிகபட்சம் 2 மில்லி ஆம்பியர் எடுக்கும், 52 டிரைவருக்கு 104. சென்சார் எவ்வளவு எடுக்கும் என்பது டேட்டாஷீட்டில் இருக்கும், 6 என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் பக்க மேசைகளுக்கு நான்கு, மூன்றாம் வரிசை மேசைகளுக்கு நான்கு, நடைபாதைக்கு மூன்று என 11 சென்சாருக்கு 66. இரண்டு சுவர் பட்டன் பேனலுக்கு 12. கூட்டினால் 182 மில்லி ஆம்பியர்.

ஒரு லைனில் 250-க்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அது லைனுக்கு மின்சாரம் தரும் சப்ளை தாண்டக்கூடாத உச்சம். சப்ளை நமக்கு எவ்வளவு தருவதாக உறுதி சொல்கிறது என்பது வேறு எண், அது இதைவிடக் குறைவாக இருக்கும். 200 உறுதி தரும் சப்ளை என்றால் நமக்கு மிச்சம் 18, அதாவது இன்னும் மூன்று சென்சார். போதவில்லை என்று இன்னொரு சப்ளையை அதே லைனில் சேர்த்து 250-ஐத் தாண்டிவிடாதீர்கள். இரண்டாவது லைன் போடுவதுதான் வழி.

வயரைப் பொறுத்தவரை இரண்டு கம்பிதான். டிரைவர் பக்கம் பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டியதில்லை. கிளை பிரிக்கலாம், நீளமாகவும் ஓட்டலாம், வளையமாக மட்டும் மூடக்கூடாது. 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 300 மீட்டர் வரை போகலாம். 16 வோல்ட்தானே என்று வெறும் கையால் தொடாதீர்கள். டாலி லைனுக்கு மெயின்ஸிலிருந்து இருப்பது அடிப்படை இன்சுலேஷன் மட்டும்தான், அதனால் அதை மெயின்ஸ் வயராகவே நடத்த வேண்டும். மெயின்ஸும் டாலியும் ஒரே ஐந்து கோர் கேபிளில் போவது இதனால்தான் அனுமதிக்கப்படுகிறது. இணைப்பு வேலை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது.

படி 3: அட்ரஸ் போடும் முன் மீட்டர்

லைனில் எதுவும் பேசாதபோது டிசி வோல்ட் அளவெடுங்கள். 16 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். சப்ளையிலிருந்து மிகத் தொலைவில் உள்ள விளக்கிலும் அளவெடுங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் 2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் எங்கோ ஷார்ட், அல்லது சப்ளையே ஓடவில்லை.

இந்த நிலையில் விளக்குகள் எல்லாம் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கும். லைன் செத்துவிட்டால் டிரைவர் `SYSTEM FAILURE LEVEL` என்ற அளவுக்குப் போகும், தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது 254, அதாவது முழு வெளிச்சம். பின்னாளில் தளம் முழுக்கத் திடீரென்று முழு வெளிச்சத்தில் நின்று பட்டனுக்கு மசியவில்லை என்றால் புரோகிராமைத் தொடாதீர்கள், முதலில் மீட்டரை எடுங்கள்.

படி 4: அட்ரஸ், பிறகு அடையாளம்

சாஃப்ட்வேரில் தேடச் சொன்னதும் ஒவ்வொரு டிரைவரும் தனக்குத்தானே ஓர் எண்ணைக் குத்துமதிப்பாகப் போட்டுக்கொள்ளும். கன்ட்ரோலர் அந்த எண்களைத் தேடிப் பிடித்து, கிடைத்த வரிசையில் 0, 1, 2 என்று அட்ரஸ் கொடுக்கும். கூரையில் பக்கத்து பக்கத்தில் இருக்கும் இரண்டு விளக்குக்கு 7-ம் 41-ம் வருவது சகஜம். 52 கிடைக்க வேண்டிய இடத்தில் 50 கிடைத்தால் இங்கேயே நின்று இரண்டையும் கண்டுபிடியுங்கள்.

அடுத்தது அலுப்பான வேலை. அட்ரஸ் 0-வை மினுக்கச் செய்து, எங்கே மினுங்குகிறது என்று பார்த்து, வரைபடத்தில் அந்த இடத்தில் 0 என்று எழுத வேண்டும். இரண்டு பேர் இருந்தால் நல்லது, ஒருவர் லேப்டாப்பில், ஒருவர் நடந்துகொண்டு. இரண்டு விளக்கு சேர்ந்து மினுங்கினால் இரண்டுக்கும் ஒரே அட்ரஸ். வேறு தளத்திலிருந்து கழற்றி வந்த டிரைவர் கலந்திருந்தால் இப்படி ஆகும். அந்த இரண்டின் அட்ரஸையும் அழித்துவிட்டுத் திரும்பத் தேட வேண்டும்.

எண்கள் அழகான வரிசையில் இருக்க வேண்டும் என்று சிலர் எல்லாவற்றையும் மாற்றி எழுதுவார்கள். முதல் வரிசை 0 முதல் 11 என்று இருந்தால் பின்னால் பராமரிப்பவருக்கு வசதிதான். ஆனால் வரைபடம் சரியாக இருந்தால் அது கட்டாயம் இல்லை என்பது என் கருத்து. அடையாளம் முடிந்ததும் படி 1-ல் போட்ட குரூப்புகளில் விளக்குகளைச் சேர்ப்பது சில நிமிட வேலை.

படி 5: ஆள் இருக்கிறாரா?

உடல் வெப்பத்தின் அசைவை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் பிஐஆர் சென்சாரின் டேட்டாஷீட்டில் இரண்டு வட்டம் இருக்கும். நடக்கும் ஆளைக் கண்டுபிடிக்கும் வட்டம் பெரிது, உட்கார்ந்து தட்டச்சு செய்யும் ஆளைக் கண்டுபிடிக்கும் வட்டம் சிறிது. உதாரணமாக விட்டம் 8 மீட்டர், 5 மீட்டர். அலுவலகத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது சிறிய எண். பெரிய எண்ணை நம்பி இடம் போட்டால், ஆள் மேசையில் இருக்கும்போதே விளக்கு அணையும், அவர் கையை ஆட்டிக்கொண்டிருப்பார்.

நம் தளத்தில் ஒவ்வொரு பகுதியின் ஜன்னல் பக்கத்திலும் மேசைகள் சேர்ந்து சுமார் 4-க்கு 3 மீட்டர் இடத்தை அடைக்கின்றன. மூலைக்கு மூலை 5 மீட்டர். அந்த மேசைகளின் நடுவுக்கு மேலே ஒரு சென்சார் வைத்தால் சிறிய வட்டம் சரியாக மூடுகிறது. பகுதியின் நடு, மேசைகளின் நடுவாக இருக்க வேண்டும் என்பதில்லை, மேசைகளைப் பாருங்கள். ஏசி காற்று வெளிவரும் வாய்க்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், வெப்பநிலை மாறிய காற்று வீசும்போது ஆள் வந்ததாக நினைத்துக்கொள்ளும்.

மூன்றாம் வரிசைச் சென்சாருக்கு வேறொரு சிக்கல். பக்கத்திலேயே நடைபாதை. யாராவது கடந்து போகும்போதெல்லாம் காலி மேசைக்கு மேலே விளக்கு எரியும், பிறகு 15 நிமிடம் அணையாது. சென்சாரோடு வரும் பிளாஸ்டிக் மறைப்பை லென்ஸின் நடைபாதைப் பக்கத்தில் மாட்டுங்கள். மாட்டிவிட்டு, விளக்கு அணைந்த பிறகு நடைபாதையில் முழு நீளம் நடந்து பாருங்கள். எரிந்தால் மறைப்பை இன்னும் கொஞ்சம் அகலமாக்குங்கள். மைக்ரோவேவ் வகை என்றால் இந்த வைத்தியம் உதவாது, அது கண்ணாடியையும் மெல்லிய தடுப்பையும் ஊடுருவிப் பார்க்கும்.

இனி நடத்தை. கடைசி அசைவுக்குப் பிறகு 15 நிமிடம் அப்படியே இருக்கட்டும். பிறகு அந்தப் பகுதியை அணைத்துவிடாதீர்கள், 10 சதவீதத்துக்கு இறக்குங்கள். தளத்தில் வேறு எங்காவது ஒருவர் இருக்கும்வரை காலிப் பகுதிகளும் நடைபாதையும் இந்தப் பின்னணி வெளிச்சத்தில் நிற்கட்டும். மாலையில் தனியாக வேலை பார்ப்பவரைச் சுற்றி இருட்டாக இருந்தால் மறுநாளே புகார் வரும். 11 சென்சாரும் காலி என்று சொன்ன பிறகு, இன்னும் 10 நிமிடம் பொறுத்து, எல்லாவற்றையும் அணைக்கலாம்.

எச்சரிக்கை ஒன்று. சில சென்சார்கள் தாங்களே முடிவெடுத்து விளக்குக்கு ஆணை அனுப்பும், சில நடந்ததைக் கன்ட்ரோலருக்குச் சொல்வதோடு நிற்கும். இரண்டையும் ஒரே லைனில் கலந்தால் இரண்டு மேலாளர்கள் இருப்பது போல. ஒருவர் ஏற்ற, இன்னொருவர் இறக்க, விளக்கு சில நொடிக்கொருமுறை ஏறி இறங்கும். முடிவெடுப்பது கன்ட்ரோலர் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றின் சொந்த மூளையை அமைப்பில் அணைத்துவிடுங்கள்.

படி 6: உச்சத்தைக் குறை, பகல் வெளிச்சத்தைச் சேர்

இருட்டிய பிறகு எல்லா விளக்கையும் முழுதாக எரியவிட்டு மேசைமேல் லக்ஸ் மீட்டர் வையுங்கள். அலுவலக மேசைக்கு வழக்கமாகக் கேட்கப்படுவது 500 லக்ஸ். புதிய விளக்கு வருடங்கள் போகப் போக மங்கும் என்பதால் கூடுதலாகவே வடிவமைத்திருப்பார்கள். 700 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு 72 சதவீதம் போதும். அதை `MAX LEVEL`-இல் போட்டுவிட்டால் எந்தப் பட்டனாலும் அதைத் தாண்ட முடியாது. பின்னாளில் விளக்கு மங்கும்போது இந்த எண்ணை ஏற்றிக்கொள்ளலாம்.

ஆனால் 72 சதவீதம் என்பது டாலியில் என்ன எண்? 254-ஐ 0.72-ஆல் பெருக்காதீர்கள். கண் வெளிச்சத்தை உணரும் விதத்துக்கு ஏற்ப டாலியின் அளவு வளைந்திருக்கிறது. 1 முதல் 254 வரையுள்ள n என்ற எண்ணுக்கு வெளிச்ச சதவீதம்:

```
X(n) = 10^((n-1)/(253/3) - 1)
```

இதன்படி 72 சதவீதத்துக்கு 242, பாதிக்கு 229, 40 சதவீதத்துக்கு 220, 20-க்கு 195, 10-க்கு 170. பாதி என்று நினைத்து 127 போட்டால் கிடைப்பது 3 சதவீதம்தான். சாஃப்ட்வேர் சதவீதத்தில் கேட்டாலும் அது வெளிச்சத்தின் சதவீதமா, எண்ணின் சதவீதமா என்று ஒருமுறை மீட்டரில் சரிபாருங்கள்.

பகல் வெளிச்சக் கட்டுப்பாட்டை முதல் இரண்டு வரிசைக்கு மட்டும் வையுங்கள். ஜன்னல் பக்கச் சென்சாரில் பெரும்பாலும் ஒளி சென்சாரும் இருக்கும். அது பார்ப்பது மேசையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை, ஜன்னலை அல்ல. ஜன்னல் நேராகத் தெரிந்தால் வெயில் வந்ததும் விளக்கைத் தேவைக்கு மேல் இறக்கிவிடும். இரவில் மேசையில் 500 லக்ஸ் வரவைத்து, அப்போது சென்சார் காட்டும் அளவை இலக்காகப் பதியுங்கள். அதோடு விட்டுவிடக் கூடாது. பகலில் வெளிச்சம் பக்கவாட்டில் வருவதால் மேசைக்கும் சென்சாருக்கும் உள்ள விகிதம் மாறும். வெயில் உள்ள ஒரு நாளில் வந்து, மேசையில் 500-க்குக் கீழே போகிறதா என்று பார்த்து இலக்கைத் திருத்துங்கள். இரண்டாம் வரிசை முதல் வரிசையைவிடக் கூடுதலாக எரியும்படி கன்ட்ரோலரில் ஒரு நிலையான வித்தியாசம் கொடுத்தால் போதும். மேகம் கடக்கும்போது விளக்கு தாவாமலிருக்க மாற்றம் மெதுவாக நடக்கட்டும்.

படி 7: சீன்

சீன் என்பது ஒரே ஆணையில் விளக்குகள் போய் நிற்க முன்பே பதிந்து வைத்த வெளிச்ச அளவுகளின் தொகுப்பு. அது கன்ட்ரோலரில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஒவ்வொரு டிரைவரும் 0 முதல் 15 வரை 16 சீனுக்குத் தன் அளவைத் தானே ஞாபகம் வைத்திருக்கும். 'சீன் 1-க்குப் போ' என்ற ஒரே ஆணை வந்ததும் அவரவர் தன் எண்ணுக்குப் போவார்கள். 255 என்று எழுதினால் அந்தச் சீனில் அந்த விளக்குக்குப் பங்கில்லை, இருந்தபடியே இருக்கும். திரையில் இது `MASK` என்று தெரியலாம்.

நம் தளத்துக்கு நான்கு போதும். சீன் 0, எல்லாம் 0. சீன் 1, வேலை நேரம்: மூன்றாம் வரிசை 242, நடைபாதை 220, ஜன்னல் பக்கத்து இரண்டு வரிசையும் 220. அந்த இரண்டுக்கும் 242 போட்டால், பட்டனை அழுத்தியதும் பளிச்சென்று ஏறி, உடனே பகல் வெளிச்சக் கணக்கு இறக்கும், அது உறுத்தும். 220-இலிருந்து தேவைக்கேற்ப மெல்ல ஏறவோ இறங்கவோ விட்டுவிடலாம். சீன் 2, பின்னணி: எல்லாம் 170. சீன் 3, திரை: ஈ பகுதியின் 3, 7, 11 குரூப்புகளுக்கு 195, மற்ற எல்லாவற்றுக்கும் 255. மற்ற பகுதிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்றும் மாறாது. சீன் 3 ஓடும்போது ஈ பகுதியின் ஒளி சென்சாரை நிறுத்தி வைக்க மறந்துவிடாதீர்கள், இல்லையென்றால் இருட்டிவிட்டது என்று விளக்கை மறுபடி ஏற்றும். அந்தப் பகுதி காலியானதும் தானியங்கி நிலைக்குத் திரும்பட்டும்.

மாற்றத்தின் வேகத்தை `FADE TIME` தீர்மானிக்கிறது. அது நொடிக் கணக்கில் நேரடியாக எழுதுவதல்ல, படி எண். 2 என்றால் 1 நொடி, 4 என்றால் 2 நொடி, 10 என்றால் 16 நொடி. ஆள் வரும்போது 2, ஆள் போனபின் இறங்க 10 என்பது நல்ல தொடக்கம். டிரைவரில் ஒரு சமயத்தில் ஒரே எண்தான் நிற்கும் என்பதால் கன்ட்ரோலர் இதை மாற்றி மாற்றி எழுத வல்லதா என்று பாருங்கள். முடியாது என்றால் நடுவில் 4 போட்டுவிட்டு நகருங்கள்.

படி 8: மின்சாரம் போய் வந்தால், டிரைவர் மாற்றினால்

`POWER ON LEVEL`-உம் தொழிற்சாலையில் 254 ஆகவே வரும். நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்பினால் தளம் முழுவதும் எரியும். அதை 170 ஆக்குங்கள், கன்ட்ரோலர் எழுந்து நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கட்டும். `SYSTEM FAILURE LEVEL`-ஐ மட்டும் முழு வெளிச்சத்திலேயே விடுங்கள். லைன் அறுந்து தளம் இருட்டாவதைவிட அது மேல்.

ஒரு விளக்கு மட்டும் மற்றவற்றைப் பொருட்படுத்தாமல் பளிச்சென்று எரிந்தால், யாரோ அதன் டிரைவரை மாற்றியிருக்கிறார்கள். புதிய டிரைவருக்கு அட்ரஸும் இல்லை, குரூப்பும் இல்லை, சீன்களும் இல்லை. அனைத்து விளக்குக்குமான பொது ஆணைக்கு மட்டும் அசையும். அட்ரஸ் இல்லாதவற்றை மட்டும் தேடச் சொல்லி, பழைய எண்ணையே அதற்குக் கொடுத்து, பதிவுகளைத் திரும்ப இறக்கினால் சரியாகிவிடும். 'எல்லாவற்றையும் புதிதாகத் தேடு' என்ற பட்டனை இந்த நேரத்தில் அழுத்தினால் 52 எண்ணும் கலைந்து, படி 4-லிருந்து மறுபடி நடக்க வேண்டும். இதற்காகவே கன்ட்ரோலர் ஃபைலின் பிரதியையும், அட்ரஸ் எழுதிய வரைபடத்தையும், சீன் எண்களையும் கட்டடப் பராமரிப்பாளரிடம் கொடுத்து, வரைபடத்தின் ஒரு நகலைக் கன்ட்ரோலர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.